போலரைஸ்ட் கறுப்புக் கண்ணாடியால் பார்த்தால் கைபேசித் திரை இருண்டு போவது ஏன்? எந்தத் திரைகளில் இந்தத் தொல்லை இல்லை?

ரூபன்_வேலணை

அனைவருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாண நகரத்திலிருந்து வேலணை, ஊர்காவற்றுறைப் பக்கங்களுக்கு மோட்டார் சைக்கிளில் பொதிகள் கொண்டுசென்று கொடுக்கும் வேலை செய்கிறேன். பண்ணைப் பாலத்தால் போகும்போது இரண்டு பக்கமும் நீர் வெயிலில் மின்னிக் கண்ணைக் கூசச் செய்வதால், கனடாவிலிருந்து சித்தி அனுப்பிய போலரைஸ்ட் கறுப்புக் கண்ணாடியை அணியத் தொடங்கினேன். கூச்சம் பெருமளவு குறைந்துவிட்டது. ஆனால் வண்டியின் கைபிடியில் உள்ள தாங்கியில் கைபேசியைப் படுக்கையாகப் பொருத்தி வரைபடத்தைப் பார்த்தால், திரை அணைந்துவிட்டதைப் போல முழுவதும் கறுத்துவிடுகிறது. அதே கைபேசியைக் கழற்றி நிமிர்த்திப் பிடித்தால் படம் நன்றாகத் தெரிகிறது. கண்ணாடியைக் கழற்றினால் எப்படிப் பிடித்தாலும் தெரிகிறது.

கடையில் காட்டியபோது டிஸ்பிளே பழுதாகிக்கொண்டு வருகிறது, மாற்ற வேண்டும் என்றார்கள். மனைவியின் கைபேசியை இதே கண்ணாடியால் எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் ஒன்றும் ஆகவில்லை. காசு கொடுத்து மாற்றுவதற்கு முன்னர் இது உண்மையில் பழுதுதானா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மானிப்பாய்_ஐயா

தம்பி, எனக்கும் இதே குறைதான். வீட்டிலிருந்து வெயிலுக்கு வந்தவுடன் என்னுடைய மூக்குக்கண்ணாடி தானாகவே கறுத்துவிடும், அதன் பிறகு கைபேசியில் எழுத்து மங்கலாகத்தான் தெரியும். திரையின் வெளிச்சத்தை முழுவதும் கூட்டி வையுங்கள், ஓரளவுக்குச் சரிவரும்.

செந்தூரன்_கோண்டாவில்

இது பழுது இல்லை. ரூபனுடைய கைபேசியில் இருப்பது எல்சிடி திரையாக இருக்கும். எல்சிடியில் ஒளியை ஒரே தளத்தில் அதிரவிடும் முனைவாக்கிப் படலம் இருக்கிறது, கண்ணாடியிலும் அதே வகைப் படலம் இருக்கிறது, இரண்டும் குறுக்காக வந்தால் ஒளி நின்றுவிடும். ஓலெட் திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானாகவே ஒளிர்வதால் முனைவாக்கியே தேவையில்லை. ஆகவே ஓலெட் கைபேசி வாங்கினால் இந்தப் பிரச்சினை அடியோடு இல்லாமல் போகும்.

வாணி_திருநெல்வேலி

செந்தூரன் எல்சிடியைப் பற்றிச் சொன்னது சரி. ஓலெட்டைப் பற்றிச் சொன்னதில் பாதிதான் சரி, அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் மானிப்பாய் ஐயாவுக்கு. வெயிலில் தானாகக் கறுக்கும் வில்லையும் போலரைஸ்ட் வில்லையும் வேறு வேறு. உங்களுடையது எல்லா ஒளியையும் ஒரே அளவில் குறைப்பதால் கைபேசியை எந்தக் கோணத்தில் திருப்பினாலும் மங்கல் மாறாது, வெளிச்சத்தைக் கூட்டுவது உங்களுக்குப் பொருத்தமான வழிதான். ரூபனுக்கோ திருப்பும்போது மட்டும் இருள்கிறது. முற்றாக மறிக்கப்பட்ட ஒளியை எவ்வளவு கூட்டினாலும் அது கண்ணுக்கு வந்து சேராது.

நீரிலும் தார் வீதியிலும் பட்டுத் தெறிக்கும் ஒளி பெரும்பாலும் கிடையாக அதிரும். நீரைப் பொறுத்தவரை, செங்குத்திலிருந்து ஏறத்தாழ 53 பாகை சாய்வில் விழுந்து தெறிக்கும் ஒளி முழுவதுமே அப்படி ஆகிவிடும். அதனால் போலரைஸ்ட் கண்ணாடியைச் செய்பவர்கள் அதன் படலத்தை நிலைக்குத்தாக அதிரும் ஒளியை மட்டும் விடும்படி பொருத்துகிறார்கள். பண்ணையில் உங்கள் கண் கூசாதிருப்பதற்கும், உங்கள் திரை கறுப்பதற்கும் காரணம் ஒன்றேதான்.

எல்சிடியில் பின்னாலுள்ள விளக்கின் ஒளி ஒரு முனைவாக்கியைக் கடந்து, திரவப் பளிங்குப் படையில் திரும்பி, முன்னாலுள்ள இரண்டாவது முனைவாக்கியால் வெளியே வருகிறது. அந்த இரண்டாவது படலம் இல்லாவிட்டால் படமே தெரியாது, வெறும் வெள்ளைத் தாளைப் போலத்தான் திரை இருக்கும். ஆகவே வெளியே வரும் ஒளி ஒரே தளத்தில் அதிர்வது எல்சிடி வேலை செய்யும் முறையிலேயே இருக்கிறது, அதைக் குறை என்று சொல்ல முடியாது. உங்கள் திரை நிமிர்ந்திருக்கும்போது ஒளி நிலைக்குத்தாக அதிர்ந்து கண்ணாடியைக் கடக்கிறது. படுக்கவைத்தால் கிடையாக அதிர்ந்து மறிபடுகிறது. இடையில் 45 பாகையில் அரைவாசியும், 60 பாகையில் கால்வாசியும் வந்து சேரும். அதனால்தான் கைபேசியை மெதுவாகத் திருப்பும்போது ஒளி படிப்படியாகக் குறைந்து, சரியாக ஒரு நிலையில் மட்டும் முற்றாகக் கறுக்கிறது.

ரூபன், இரண்டு சோதனைகளைச் செய்து பார்த்துச் சொல்லுங்கள். வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திரையில் திறந்து, கண்ணாடியை அணிந்தபடி கைபேசியை ஒரு முழுச் சுற்றுத் திருப்பி, எந்தக் கோணத்தில் மிகவும் இருள்கிறது என்று பாருங்கள். பின்னர் இரவில் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, முழுக் கறுப்புப் படம் ஒன்றைத் திறந்து வெளிச்சத்தைக் கூட்டிப் பாருங்கள். கறுப்பில் சாம்பல் நிறமான ஒளி கசிந்தால் அது எல்சிடி. ஒன்றுமே தெரியாமல் இருட்டோடு இருட்டாக இருந்தால் அது ஓலெட்.

அந்தோனி_குருநகர்

இந்தக் கேள்வி எனக்கும் மிகவும் தேவையானது. நாங்கள் நண்டு வலைக்குப் போகிறவர்கள். போலரைஸ்ட் கண்ணாடி போட்டால் நீரின் மேலுள்ள மினுக்கம் விலகி, ஆழம் குறைந்த இடங்களில் அடியில் கிடக்கும் சாதாளையும் வலைக்கயிறும் கண்ணுக்குத் தெரியும். ஆனால் படகில் பூட்டியிருக்கும் ஜிபிஎஸ் கருவியை நேரே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு தடவையும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்க்கிறேன். தலையைத் தோள்பக்கம் சாய்த்தால் மட்டும் கொஞ்சம் தெரிகிறது. கைபேசியில் இல்லாவிட்டாலும் இதுவும் அதே காரணம்தானா?

வாணி_திருநெல்வேலி

அதேதான், அந்தோனி அண்ணா. தலையைச் சாய்க்கும்போது கருவியின் கோணத்துக்குப் பதிலாக உங்கள் கண்ணாடியின் கோணம் மாறுகிறது. 30 பாகை சாய்த்தால் கால்வாசியும், 45 பாகை சாய்த்தால் அரைவாசியும் ஒளி கிடைக்கும். படகில் நின்றுகொண்டு அவ்வளவு சாய்ப்பது கடினம். கருவியின் தாங்கியைச் சற்றுச் சரித்துப் பூட்ட இடமிருந்தால் அதே பயன் கிடைக்கும். பெற்றோல் நிலைய மானிகளிலும் மோட்டார் சைக்கிள்களின் எண் காட்டிகளிலும்கூட இதே காட்சியைக் காணலாம்.

ரூபன்_வேலணை

சோதனை செய்து பார்த்தேன். வெள்ளைப் பக்கம் நிமிர்ந்திருக்கும்போது பிரகாசமாகவும், சரியாகப் படுக்கையில் வரும்போது மையைப் போலக் கறுப்பாகவும் இருக்கிறது. இருட்டறையில் கறுப்புப் படத்தைத் திறந்தபோது சாம்பல் ஒளி கசிந்தது, ஓரங்களில் இன்னும் கூடுதலாக. எனக்கு இப்போது குழப்பமாக இருக்கிறது, ஏனென்றால் இந்தக் கைபேசியை வாங்கியபோது பெட்டியில் ஓலெட் திரை என்றே எழுதியிருந்தது.

இன்னொன்றையும் கவனித்தேன். தலைக்கவசத்தின் முகமூடியை இறக்கிவிட்டுப் பார்த்தால் திரை முழுவதும் கறுப்பதில்லை. பச்சையும் ஊதாவுமாகப் பட்டைகள் விழுந்து, அவற்றுக்கு நடுவே வரைபடம் திட்டுத்திட்டாகத் தெரிகிறது. தலையை அசைத்தால் பட்டைகளும் நகர்கின்றன.

திருத்துநர்_நகரம்

நான் கைபேசி திருத்தும் வேலையில் இருப்பவன். ரூபன், இந்தக் கைபேசியில் முன்னர் எப்போதாவது டிஸ்பிளே மாற்றினீர்களா?

ரூபன்_வேலணை

ஆம். சென்ற வருடம் விழுந்து உடைந்தபோது மாற்றினேன். அதை இங்கே எழுதவேண்டும் என்று தோன்றவில்லை. அதற்கு முன் இந்தக் கண்ணாடி என்னிடம் இல்லாததால் பழைய திரை எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தெரியாது.

திருத்துநர்_நகரம்

அப்படியானால் விடயம் விளங்கிவிட்டது. ஓலெட் திரையுள்ள பல கைபேசிகளுக்கு மாற்றுத் திரை இரண்டு வகையில் வருகிறது. ஒன்று ஓலெட்டாகவே வரும், விலை கூடியது. மற்றது அதே அளவில் வெட்டிப் பொருந்தச் செய்த எல்சிடி, அதை நாங்கள் இன்செல் என்போம், விலை மிகவும் குறைவு. பார்த்தவுடன் வாடிக்கையாளருக்கு வித்தியாசம் தெரியாது. இன்செல் சற்றுத் தடிப்பாக இருக்கும், கறுப்பு நிறம் முழுக் கறுப்பாக இராது, மின்கலமும் கொஞ்சம் வேகமாக இறங்கும். உங்களுக்குப் போட்டிருப்பது அதுதான். எதைப் போடுகிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் போட வேண்டும், விலையை மட்டும் சொல்லிப் போடுவது நியாயம் இல்லை. உங்களுடைய திரையில் பழுது எதுவும் இல்லை. இப்போது இன்னொரு இன்செல் வாங்கிப் போட்டால் அதுவும் பெரும்பாலும் இதேபோலத்தான் இருக்கும்.

செந்தூரன்_கோண்டாவில்

அப்படியானால் நான் சொன்னதுதானே சரி? ஓலெட்டைப் போட்டால் முடிந்துவிடும் அல்லவா?

வாணி_திருநெல்வேலி

அங்கேதான் கவனம் தேவை. ஓலெட் தன் படத்தை உண்டாக்க முனைவாக்கி தேவையில்லை என்பது உண்மை. ஆனால் ஓலெட்டின் பின்பக்கத்தில் உலோகப் படை இருக்கிறது. வெயிலில் அது வெளியொளியைத் தெறிக்கச் செய்து, கறுப்பு இருக்கவேண்டிய இடத்தையெல்லாம் வெளிறச் செய்துவிடும். இதைத் தடுக்க, திரையின் மேல் ஒரு முனைவாக்கியையும் அதற்கு உட்புறமாக, ஒளியின் அதிர்வை மாற்றிவிடும் கால் அலைத் தாமதப் படலம் ஒன்றையும் ஒட்டுகிறார்கள். வெளியிலிருந்து உள்ளே போகும் ஒளி தாமதப் படலத்தைப் போகும்போது ஒரு முறையும் திரும்பும்போது ஒரு முறையும் கடப்பதால், அதன் அதிர்வுத் தளம் 90 பாகை திரும்பி, வந்த வழியிலேயே மறிபட்டுவிடுகிறது. வெயிலிலும் ஓலெட்டின் கறுப்பு ஆழமாகத் தெரிவதற்கு இதுவே காரணம்.

ஆனால் ஓலெட்டின் சொந்த ஒளியும் அதே முனைவாக்கியைக் கடந்துதான் வெளியே வருகிறது. வெளிப்பக்கத்தில் வேறொன்றும் ஒட்டாவிட்டால் அந்த ஒளியும் எல்சிடியின் ஒளியைப் போல ஒரே தளத்தில்தான் அதிரும், ஏதோ ஒரு கோணத்தில் கட்டாயம் கறுக்கும். எந்தக் கோணம் என்பதுதான் தயாரிப்பாளரின் தெரிவு. முனைவாக்கியை 45 பாகையில் ஒட்டியிருந்தால் நிமிர்த்தினாலும் படுக்கவைத்தாலும் அரைவாசி ஒளி வரும், சரித்துப் பிடிக்கும்போது மட்டும் கறுக்கும். பெரும்பாலானோர் கைபேசியைச் சரித்துப் பார்ப்பதில்லை என்பதால் தங்கள் திரையில் குறையே இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

உண்மையாகவே தொல்லை இல்லாத திரைகள் என்று நான் சொல்வது இவற்றைத்தான். எல்சிடியாயினும் ஓலெட்டாயினும், முனைவாக்கிக்கு வெளிப்புறமாக இன்னொரு கால் அலைத் தாமதப் படலத்தை 45 பாகையில் ஒட்டியிருந்தால், வெளிவரும் ஒளி வட்டமாகச் சுழலும் வகைக்கு மாறிவிடும். அப்போது எந்தக் கோணத்திலும் ஏறத்தாழ அரைவாசி ஒளி கண்ணாடியைக் கடக்கும், எங்கும் கறுக்காது, நிறத்தில் மட்டும் மெல்லிய மஞ்சளோ நீலமோ கோணத்துக்கேற்பத் தெரியலாம். இதற்குப் பதிலாக மிகப் பெரிய தாமதம் உள்ள பொலியெஸ்ரர் படலத்தையும் சிலர் பயன்படுத்துகிறார்கள். ஜப்பானின் தொயோபோ நிறுவனம் அத்தகைய படலத்தைத் திரைகளுக்கென்றே செய்கிறது. அதில் ஒவ்வொரு நிறமும் வேறு வேறு அளவில் திரும்பி, எல்லாம் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகவே தெரியும். தாமதம் குறைவான சாதாரண பொலியெஸ்ரர் படலமாக இருந்தால் அந்தக் கலப்பு நடக்காமல் வானவில் நிறங்கள் பிரிந்து தெரியும்.

மூன்றாவது, முனைவாக்கியே இல்லாத ஓலெட். 2021இல் வந்த சாம்சங்கின் கலக்ஸி இசட் ஃபோல்ட் 3 கைபேசியின் உள்திரையில் முனைவாக்கியை நீக்கி, வெளியொளியை அடக்கும் வேலையை நிறவடிகட்டிப் படைக்குக் கொடுத்தார்கள். திரையை ஒளி கடக்கும் அளவு 33% கூடியதாக அந்த நிறுவனமே அறிவித்தது. நூல் வாசிக்கும் மின்மைக் கருவிகளிலும் முனைவாக்கி இல்லை, அவை எந்தக் கறுப்புக் கண்ணாடிக்கும் இருளமாட்டா.

ரூபனின் முகமூடியைப் பற்றி ஒரு வார்த்தை. வார்த்தெடுத்த பொலிகாபனேற்றுக்குள் இறுக்கம் தங்கிவிடும், அந்த இறுக்கம் ஒளியின் அதிர்வை இடத்துக்கு இடம் வேறுவிதமாகத் திருப்பிவிடும். திரையிலிருந்து வரும் ஒளி முகமூடியைக் கடந்த பின்னரே கண்ணாடிக்கு வருவதால்தான் அந்தப் பட்டைகள். உங்கள் தலைக்கவசம் தற்செயலாகச் செய்வதைத்தான் தயாரிப்பாளர்கள் ஒழுங்கான படலம் ஒன்றால் செய்கிறார்கள்.

திருத்துநர்_நகரம்

தங்கச்சி சொன்னது பயனுள்ளது. எங்கள் பக்கத்திலிருந்து ஒன்றைச் சேர்க்கிறேன். மேற்கண்ணாடி மட்டும் உடைந்த திரைகளைப் பிரித்துப் புதுக் கண்ணாடி ஒட்டும்போது, முனைவாக்கிப் படலமும் சில நேரங்களில் கீறுபட்டுவிடும். அப்போது அதை உரித்துவிட்டுப் புதியதை ஒட்டுவோம். வாங்கும் படலங்களில் சிலவற்றில் வெளிப்புறத் தாமதப் படை இருக்கும், சிலவற்றில் இராது. இல்லாததை ஒட்டினால் கண்ணாடி போடாதவருக்கு எந்த வேறுபாடும் தெரியாது, போட்டவருக்கு மட்டும் இருளும். ஆகவே உண்மையான திரையே இருந்தாலும், திருத்திய திரை என்றால் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ரூபன்_வேலணை

மிகவும் நன்றி. இப்போது புதிய ஓலெட் திரை வாங்க என்னால் முடியாது. தாங்கியில் கைபேசியை நிமிர்த்திப் பூட்டினால் வண்டியின் வேகமானி மறைந்துவிடுகிறது. இருக்கிற திரையின் மேல் ஏதாவது ஒட்டிச் சமாளிக்கலாமா?

வாணி_திருநெல்வேலி

முடியும். பரிசுப் பொதி சுற்றும் நிறமற்ற செலோபேன் தாள் ஒரு துண்டை எடுத்து, படுக்கையாக இருக்கும் திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் பிடித்து மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். ஒரு நிலையில் ஒன்றும் மாறாது, அதிலிருந்து 45 பாகை திருப்பினால் திரை வெளிச்சமாகும். அந்த நிலையை அடையாளமிட்டு வையுங்கள். தடித்த கண்ணாடிக் காப்பு ஒட்டினால் பயனில்லை, ஏனென்றால் கண்ணாடி ஒளியின் அதிர்வைப் பெரிதாகத் திருப்பாது.

ரூபன்_வேலணை

பிடித்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னபடியே படுக்கையில் வரைபடம் பளிச்சென்று தெரிகிறது. ஆனால் அதே தாளோடு கைபேசியை நிமிர்த்தினால் இப்போது அந்தப் பக்கம் இருண்டுவிட்டது. இருள் இடம் மாறிவிட்டதே தவிர நீங்கவில்லை.

வாணி_திருநெல்வேலி

உங்கள் தாள் அரை அலைத் தாமதத்துக்குக் கிட்டவாக இருக்கிறது என்று அர்த்தம். அரை அலைப் படலம் அதிர்வுத் தளத்தை அப்படியே 90 பாகை திருப்பிவிடும், சுழலவிடாது. வண்டியில் எப்போதும் படுக்கையாகவே வைப்பீர்களானால் உங்களுக்கு இதுவே நல்லது, கால் அலைப் படலம் தரும் ஒளியை விட இதில் கூடுதலாகக் கிடைக்கும். இரண்டு பக்கமும் வேண்டுமானால் வேறு தாள்களைத் தேட வேண்டும். ஒட்டும் பிளாஸ்ரிக் திரைக்காப்புகளில் சில பொலியெஸ்ரரால் ஆனவை, அவற்றில் ஒன்று பொருந்தக்கூடும். ஆனால் காப்பை வெட்டிய திசை திரையின் முனைவாக்கியோடு நேராக அமைந்துவிட்டால் எந்த மாற்றமும் தெரியாது. ஒட்டுவதற்கு முன் மேலே பிடித்துச் சுழற்றிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

திருத்துநர்_நகரம்

கடையில் கிடக்கும் பிளாஸ்ரிக் காப்புகளை நானும் ஒரு கறுப்புக் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். ஒரே கட்டில் உள்ளவைகூட ஒரேமாதிரி இல்லை. சிலவற்றில் வானவில் நிறம் கடுமையாக விழுந்து எழுத்தை வாசிக்க முடியவில்லை, சிலவற்றில் ஓரளவு நல்ல வெள்ளை வந்தது. பெரிய சுருளின் எந்தப் பகுதியிலிருந்து வெட்டுகிறார்களோ அதற்கேற்ப மாறுகிறதோ என்று நினைக்கிறேன்.

வாணி_திருநெல்வேலி

அப்படி இருக்கக்கூடும். படலத்தை இழுத்துச் செய்யும்போது சுருளின் நடுவிலும் ஓரத்திலும் இழுவையின் திசை ஒன்றாக இராது. உங்கள் காப்புகளில் நடந்தது அதுதானா என்பதை இங்கிருந்து என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

செந்தூரன்_கோண்டாவில்

நான் என் ஓலெட் கைபேசியை நண்பனின் கண்ணாடியால் இப்போது பார்த்தேன். நிமிர்த்தியும் படுக்கவைத்தும் மங்கலாகத் தெரிகிறது, மூலைக்குச் சரித்தால் கறுக்கிறது. மற்ற மூலைப் பக்கம் சரித்தால் நல்ல வெளிச்சமாக இருக்கிறது. வாணி அக்கா சொன்ன 45 பாகைத் திரை என்னிடமே இருக்கிறது.

அந்தோனி_குருநகர்

எனக்குப் புதிய கைபேசி ஒன்று வாங்கும் எண்ணம் இருக்கிறது. ஜிபிஎஸ் கருவிக்கும் செலோபேன் ஒட்டலாமா? எந்த மாதிரிக் கைபேசியை வாங்கினால் கடலில் தொல்லை இராது என்று பெயரைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

வாணி_திருநெல்வேலி

அண்ணா, பெயரை வைத்துச் சொல்வது பாதுகாப்பானதல்ல. ஒரே மாதிரிக் கைபேசிக்கு இரண்டு நிறுவனங்கள் திரை கொடுப்பதும் உண்டு. உங்கள் கண்ணாடியையே கடைக்குக் கொண்டுபோய், வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, கைபேசியை ஒரு முழுச் சுற்றுத் திருப்பிப் பாருங்கள். எங்குமே கறுக்காமல் மங்கல் மட்டும் ஒரே சீராக இருந்தால் வெளிப்புறத் தாமதப் படலம் இருக்கிறது, அல்லது முனைவாக்கியே இல்லை. இரண்டிலும் ஏறத்தாழ அரைவாசி ஒளிதான் கண்ணாடியைக் கடக்கும் என்பதால் எது என்று இந்தச் சோதனையால் பிரித்தறிவது கடினம், ஆனால் இரண்டிலும் தொல்லை இல்லை. காட்சிக்கு வைத்த கைபேசியின் மேல் பிளாஸ்ரிக் காப்பு ஒட்டியிருந்தால் அதை உரிக்கச் சொல்லிவிட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் நீங்கள் சோதிப்பது காப்பையாகத்தான் இருக்கும்.

கருவிக்குச் செலோபேன் ஒட்டினால் உப்புக்காற்றிலும் ஈரத்திலும் அது விரைவில் சுருங்கிவிடும். பொலியெஸ்ரர் காப்பு நீரைத் தாங்கும். முதலில் ஒட்டாமல், நான்கு மூலையிலும் நாடாவால் பிடித்து ஒரு நாள் கடலுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். நீங்கள் நேரே நின்று பார்க்கும்போதும் சுக்கானைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் பார்க்கும்போதும் எழுத்து தெரிகிறதா என்று பார்த்த பிறகு ஒட்டலாம்.

திருத்துநர்_நகரம்

திரை மாற்றக் கொடுப்பவர்களும் இதையே செய்யலாம். புதிய திரையைப் பசை போட்டு ஒட்டுவதற்கு முன், இணைப்பை மட்டும் பொருத்தி ஒளிரவிட்டுச் சோதிப்பது வழமை. அந்த நேரத்தில் உங்கள் கண்ணாடியால் ஒரு சுற்றுப் பார்க்கக் கேளுங்கள். ஒட்டிய பின்னர் கழற்றினால் திரை உடைந்துபோக இடமுண்டு, காசும் திரும்பாது.